வைத்ததை எடுக்கத் தெரிய வேண்டும்

கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கும் மாணவர்களிடம் அல்காரிதம்ஸ் பாடத்தில் ஒரு நாள் இந்த அசைன்மென்ட் வந்து சேரும். n ராணிகள் புதிரை விடுவிக்க ஒரு நிரல், சுடோகுவை விடுவிக்க ஒரு நிரல், இரண்டும் பேக்டிராக்கிங் முறையில். அண்ணா பல்கலைக்கழகத்தின் பாடத்திட்டத்திலேயே ராணிகள் புதிர் பேக்டிராக்கிங்குக்கு உதாரணமாக இருக்கிறது. சுடோகு வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த புதிர் என்பதால் பல ஆசிரியர்கள் அதையும் சேர்த்துக் கொடுக்கிறார்கள்.

முதல் நிரல் பெரும்பாலும் சரியாக ஓடிவிடும். அதே பாணியில் எழுதிய இரண்டாவது நிரல், ஒரே ஒரு விடை உள்ள நல்ல புதிரைக் கொடுத்தாலும் ‘விடை இல்லை’ என்று சொல்லி நின்றுவிடும். மாணவர் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார். வித்தியாசம் எதுவும் தெரியாது. தெரியாததற்குக் காரணம் உண்டு. ராணிகள் நிரலில் ஒரு வேலை யாரும் சொல்லாமல் தானாகவே நடந்துவிடுகிறது. சுடோகுவில் அதை நாம்தான் எழுத வேண்டும்.

சதுரங்கப் பலகையில் ராணி கிடையாகவும் செங்குத்தாகவும் மூலைவாக்கிலும் எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் போகும். எட்டுக்கு எட்டுப் பலகையில் எட்டு ராணிகளை ஒன்றையொன்று வெட்ட முடியாதபடி வைக்க முடியுமா என்று மாக்ஸ் பெட்செல் என்ற ஜெர்மானியச் சதுரங்க ஆர்வலர் 1848இல் கேட்டார். இரண்டே ஆண்டில், 1850இல், ஃப்ரான்ஸ் நௌக் 92 விடைகளையும் வெளியிட்டார். கணித மேதை காஸ் கூட இந்தப் புதிரைப் பற்றிக் கடிதங்கள் எழுதியிருக்கிறார். கணினிக் காலத்தில் இது பாடப்புத்தகத்துக்குள் வந்தது. நிரலை எப்படிப் படிப்படியாக யோசித்து எழுத வேண்டும் என்று காட்ட, நிக்லாஸ் விர்த் 1971இல் எழுதிய கட்டுரையில் எடுத்துக்கொண்ட உதாரணம் இந்த எட்டு ராணிகள்தான்.

64 கட்டங்களில் எட்டைத் தேர்ந்தெடுக்க 4,42,61,65,368 வழிகள் உண்டு. ஒரே வரிசையில் இரண்டு ராணிகள் இருக்க முடியாது என்பதால் வரிசைக்கு ஒரு ராணி என்று வைத்துக்கொண்டாலே அது 1,67,77,216 ஆகக் குறைந்துவிடும். அவ்வளவையும் முழுசாக அடுக்கிப் பார்த்துச் சரியா தவறா என்று சோதிக்கலாம். ஆனால் முதல் இரண்டு ராணிகளே ஒன்றையொன்று வெட்டுகின்றன என்றால் மீதி ஆறை எங்கே வைத்தால் என்ன? அந்த இடத்திலேயே நின்று, இரண்டாவது ராணியை நகர்த்துவதுதான் புத்திசாலித்தனம். பேக்டிராக்கிங் என்பது இவ்வளவுதான். ஒரு அடி வை. விதி மீறாவிட்டால் அடுத்த அடி வை. வைக்க இடமே இல்லாமல் போனால் கடைசியாக வைத்ததை எடுத்துவிட்டு, அங்கே அடுத்த வாய்ப்பைப் பார்.

நான்கு ராணிகளோடு இதைக் கையாலேயே செய்து பார்க்கலாம். முதல் வரிசையில் 1ஆம் இடத்தில் ராணியை வைக்கிறோம். இரண்டாவது வரிசையில் 1 செங்குத்தில் வெட்டுப்படும், 2 மூலையில் வெட்டுப்படும், 3இல் வைக்கிறோம். மூன்றாவது வரிசையில் எங்குமே இடமில்லை. திரும்பி வந்து இரண்டாவது ராணியை 4க்கு நகர்த்துகிறோம். இப்போது மூன்றாவது ராணி 2இல் அமர்கிறது. நான்காவதற்கு மறுபடியும் இடமில்லை. மூன்றாவது ராணிக்கு வேறு இடமும் இல்லை. இரண்டாவது ராணிக்கும் வாய்ப்புகள் தீர்ந்துவிட்டன. ஆக, முதல் ராணியை 1இல் வைத்ததே தவறு. அதை 2க்கு நகர்த்தினால் இரண்டாவது 4இலும், மூன்றாவது 1இலும், நான்காவது 3இலும் தடையில்லாமல் அமர்ந்துவிடும். 2, 4, 1, 3 என்பது விடை.

எட்டு ராணிகளுக்கும் இதையேதான் செய்ய வேண்டும். முதல் விடை 1, 5, 8, 6, 3, 7, 2, 4. அதை அடைவதற்குள் இந்த முறை 876 இடங்களைச் சோதிக்கிறது. 92 விடைகளையும் தேடி முடிக்கும்போது எத்தனை முறை ராணியை வைத்திருப்போம் என்று எண்ணினால் அழகான ஒரு வடிவம் கிடைக்கிறது. முதல் வரிசையில் 8 முறை, இரண்டாவதில் 42, பிறகு 140, 344, 568, 550, 312, கடைசி வரிசையில் 92. நடுவில் பெருத்து, பிறகு ஒடுங்குகிறது. எல்லாம் சேர்த்து 2,056. ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட அடுக்குகளைப் பார்க்க வேண்டிய வேலை இரண்டாயிரத்துச் சொச்சத்தில் முடிந்துவிடுகிறது.

மாணவர்கள் இதற்கு எழுதும் நிரலின் மையப்பகுதி பெரும்பாலும் இப்படி இருக்கும்:

```python
def place(r):
    global count
    if r == n:
        count += 1
        return
    for c in range(n):
        if safe(r, c):
            q[r] = c
            place(r + 1)
```

`q[r]` என்பது r என்ற வரிசையில் ராணி எந்த இடத்தில் நிற்கிறது என்பதைக் குறித்து வைக்கும் பட்டியல். `safe` என்பது மேலே உள்ள வரிசைகளின் ராணிகளோடு மட்டும் ஒப்பிட்டுப் பார்க்கும். அடுத்த வரிசைக்குப் போக, `place` தன்னைத்தானே அழைத்துக்கொள்கிறது.

இதில் ராணியை எடுக்கும் வரி எங்கே? எங்கும் இல்லை. ஆனாலும் நிரல் சரியாக ஓடுகிறது. ஐந்தாவது வரிசையிலிருந்து தோற்றுத் திரும்பும்போது `q[4]`இல் பழைய எண் அப்படியே கிடக்கிறது. நான்காவது வரிசையைச் சோதிக்கும் `safe` தனக்கு மேலே மட்டும் பார்ப்பதால் அந்தப் பழைய எண் அதன் கண்ணில் படுவதே இல்லை. மறுபடி ஐந்தாவது வரிசைக்கு வரும்போது புது எண் பழையதன் மேலேயே எழுதப்பட்டுவிடும். ராணியை எடுக்கும் வேலை நடக்கிறது. அதற்கென்று ஒரு வரி தேவைப்படவில்லை, அவ்வளவுதான். இதைச் சொல்லிக்கொடுக்காமல் விட்டால், பேக்டிராக்கிங் என்றால் ஃபங்ஷன் தன்னைத்தானே அழைப்பது மட்டும்தான் என்று மாணவர் எடுத்துக்கொள்வார்.

சுடோகுவுக்குப் போவதற்கு முன், இந்த நிரல் சரிதானா என்று பார்க்க ஒரு நல்ல வழியைச் சொல்லிவிடுகிறேன். ஒரு விடையை அச்சிட்டு அது சரியாக இருக்கிறதா என்று பார்ப்பது போதாது. எண்ணிக்கையைப் பார்க்க வேண்டும். n என்பது 1 முதல் 8 வரை போகும்போது விடைகளின் எண்ணிக்கை 1, 0, 0, 2, 10, 4, 40, 92 என்று வர வேண்டும். மூலைவிட்டச் சோதனையில் அடிக்கடி நடக்கும் பிழை, வரிசை வித்தியாசத்தையும் இட வித்தியாசத்தையும் ஒப்பிடும்போது `abs` போட மறப்பது. அப்போது ஒரு பக்கத்து மூலைவிட்டம் மட்டுமே சோதிக்கப்படும். அந்த நிரல் n = 2க்கு 1 என்றும், n = 3க்கு 3 என்றும் விடை தரும். இரண்டுக்குமே பூஜ்யம் வர வேண்டிய இடம். எட்டு ராணிகள் வரை போகவே வேண்டாம், சிறிய பலகைகளிலேயே பிழை வெளிப்பட்டுவிடும்.

இனி சுடோகு. 9க்கு 9 கட்டம். ஒவ்வொரு வரிசையிலும், நெடுவரிசையிலும், 3க்கு 3 பெட்டியிலும் 1 முதல் 9 வரை ஒவ்வோர் எண்ணும் ஒரு முறை வர வேண்டும். ஜப்பானியப் பெயரோடு உலகம் சுற்றினாலும், இன்றைய வடிவத்தில் இது முதலில் அச்சானது 1979இல் அமெரிக்காவின் டெல் புதிர் இதழில். 1984இல் நிகோலி நிறுவனம் ஜப்பானுக்குக் கொண்டுபோனது. விளக்கங்களில் அடிக்கடி காட்டப்படும் ஒரு புதிரை எடுத்துக்கொள்வோம். புள்ளிகள் காலிக் கட்டங்கள்:

```
5 3 . . 7 . . . .
6 . . 1 9 5 . . .
. 9 8 . . . . 6 .
8 . . . 6 . . . 3
4 . . 8 . 3 . . 1
7 . . . 2 . . . 6
. 6 . . . . 2 8 .
. . . 4 1 9 . . 5
. . . . 8 . . 7 9
```

நிரல் இடமிருந்து வலமாக முதல் காலிக் கட்டத்தைத் தேடும். 1 முதல் 9 வரை ஒவ்வோர் எண்ணாக வைத்துப் பார்க்கும். முதல் வரிசையின் 3ஆம் கட்டத்தில் 1 பொருந்துகிறது, வைக்கிறோம். 4ஆம் கட்டத்தில் 2. 6ஆம் கட்டத்தில் 4. 7இல் 8. 8இல் 9. கடைசிக் கட்டத்துக்கு மிச்சம் இருப்பது 6 மட்டும். ஆனால் அந்தப் பெட்டிக்குள் மூன்றாவது வரிசையில் ஏற்கெனவே ஒரு 6 இருக்கிறது. முட்டுச்சந்து.

திரும்ப வேண்டும். 8ஆம் கட்டத்தில் 9ஐ விட்டால் வேறு வழியில்லை, அதை அழிக்கிறோம். 7ஆம் கட்டத்தில் 8க்குப் பதில் 9 வைத்தால் 8ஆம் கட்டத்துக்கு எதுவும் பொருந்தாது, அதையும் அழிக்கிறோம். 6ஆம் கட்டத்தில் 4ஐ எடுத்து 6 வைக்கிறோம். இப்போது காலியாக இருக்கும் மூன்று கட்டங்களில் 4, 9, 8 என்று வரிசையாகப் பொருந்திவிடுகின்றன. முதல் வரிசை நிரம்பிவிட்டது. நிரல் இரண்டாவது வரிசைக்குப் போகிறது.

இதையே, அழிக்கும் வரி இல்லாத நிரல் எப்படிச் செய்யும் என்று பாருங்கள். முட்டுச்சந்திலிருந்து திரும்பும்போது 8ஆம் கட்டத்தில் 9 அப்படியே நிற்கும். 7ஆம் கட்டத்தில் அடுத்த வாய்ப்பான 9ஐச் சோதித்தால், வரிசையில் ஏற்கெனவே 9 இருக்கிறது என்று அது மறுக்கப்படும். ஆக அங்கே 8 நிற்கும். 6ஆம் கட்டத்தில் 6 வைத்துவிட்டு, அடுத்த காலிக் கட்டம் எது என்று நிரல் தேடும்போது 7உம் 8உம் நிரம்பியிருப்பதாகத் தெரியும். அவற்றைத் தாண்டி 9ஆம் கட்டத்துக்கே போய் 4 வைக்கும். யாரும் இப்போது தேர்ந்தெடுக்காத 8உம் 9உம் நிரந்தரமாகக் குடியேறிவிட்டன. நிரல் காலியான கட்டங்களைத்தான் தொடும். நிரம்பிவிட்ட கட்டத்துக்கு அது இனி வராது. இந்தப் புதிரின் உண்மையான விடையில் முதல் வரிசை 5 3 4 6 7 8 9 1 2. அதில் 7ஆம் கட்டத்தில் 9 இருக்க வேண்டும். அங்கே 8 ஒட்டிக்கொண்ட நொடியிலேயே விடைக்கான பாதை மூடிவிட்டது. நிரல் மற்ற எல்லாவற்றையும் முயன்று பார்த்துவிட்டு, விடை இல்லை என்று அறிவிக்கும்.

இந்தப் பிழையின் முகம் எதிர்பார்த்ததுபோல் இருக்காது. கட்டங்களில் ஒரே எண் இரண்டு முறை வந்து அபத்தமாக நிரம்பியிருக்கும் என்று தோன்றும். அப்படி நடப்பதில்லை. ஒவ்வோர் எண்ணையும் வைக்கும்போது பலகையில் அப்போது இருக்கும் எல்லாவற்றோடும் ஒப்பிட்டுத்தான் வைக்கிறோம், அதனால் முரண்பாடு உள்ளே வர வழியில்லை. பிழை தேடலைத்தான் குறுக்குகிறது. காலிக் கட்டங்கள் மிகக் குறைவாக உள்ள, ஒரு தடவைகூடத் திரும்ப வேண்டியிராத புதிரைக் கொடுத்துச் சோதித்தால் அது சரியாகவே வந்துவிடும். அதனால்தான் மாணவர் தன் நிரல் சரி என்று நம்பிச் சமர்ப்பிக்கிறார்.

ராணிகளில் தேவைப்படாதது இங்கே தேவைப்படுவது ஏன்? அங்கே சோதனை, நடந்து வந்த பாதையை மட்டும் பார்த்தது. இங்கே சோதனை முழுப் பலகையையும் பார்க்கிறது, அடுத்த கட்டத்தைத் தேர்ந்தெடுப்பதும் பலகையில் எது காலி என்பதை வைத்தே நடக்கிறது. எதிர்காலத்தில் வைத்துவிட்டுத் தோற்றுப்போன எண்கள் இரண்டின் கண்ணிலும் படுகின்றன. சரியான வடிவம் இது:

```python
def solve():
    cell = find_empty()
    if cell is None:
        return True
    r, c = cell
    for d in range(1, 10):
        if ok(r, c, d):
            g[r][c] = d
            if solve():
                return True
            g[r][c] = 0
    return False
```

`g[r][c] = 0` என்ற வரிதான் வைத்ததை எடுப்பது. அதற்கு மேலே இருக்கும் `if solve(): return True` என்பதையும் கவனிக்க வேண்டும். ராணிகளில் எல்லா விடைகளையும் எண்ணினோம், அதனால் விடை கிடைத்த பிறகும் தேடல் தொடர்ந்தது. இங்கே ஒரு விடை போதும், கிடைத்தவுடன் நிற்க வேண்டும். அந்த `if` இல்லாமல் வெறும் `solve()` என்று எழுதிவிட்டால், நிரல் விடையைக் கண்டுபிடித்துவிட்டு, அது தெரியாமலேயே வந்த வழியே திரும்பி, வைத்த ஒவ்வோர் எண்ணையும் ஒழுங்காக அழித்துவிடும். கடைசியில் கொடுத்த புதிரே, ஒரு புள்ளி மாறாமல், திரையில் வந்து நிற்கும். கொடுத்தது அப்படியே திரும்பி வந்தால் முதலில் பார்க்க வேண்டியது இந்த இடத்தை.

இப்போது நிரல் சரி. வேகம்? மேலே பார்த்த உதாரணத்தில் 3ஆம் கட்டத்தில் 1 வைத்ததே தவறு. அங்கே இருக்க வேண்டியது 4. ஆனால் நிரல் அதை அறியாமல் முதல் வரிசையை நிரப்பிவிட்டு, கீழே இறங்கி, அந்தத் தவறான 1இன் நிழலிலேயே நீண்ட நேரம் உழைக்கும். எண்களை 1 முதல் ஏறுவரிசையில் முயலும் இந்தப் பழக்கத்தைக் குறிவைத்தே வடிவமைத்த புதிர்கூட உண்டு. 17 எண்கள் மட்டுமே தரப்பட்டிருக்கும். முதல் வரிசை முழுவதும் காலி. விடையில் அந்த வரிசை 9, 8, 7 என்று இறங்கி 1இல் முடியும். முதல் கட்டத்தில் 1 முதல் 8 வரை வைத்து ஒவ்வொன்றின் கிளையையும் தேடித் தீர்த்த பிறகுதான் 9க்கு வர முடியும்.

பேப்பரும் பென்சிலுமாகச் சுடோகு போடுபவர் யாரும் முதல் கட்டத்திலிருந்து தொடங்குவதில்லை. எங்கே நெருக்கடி அதிகமோ அங்கே கண் போகும். நம் புதிரின் நட்ட நடுக்கட்டத்தைப் பாருங்கள். அதன் வரிசையில் 4, 8, 3, 1. நெடுவரிசையில் 7, 9, 6, 2, 1, 8. மிஞ்சுவது 5 ஒன்றுதான். அதை வைத்தவுடன் அதே வரிசையின் 2ஆம் கட்டத்தில் இருந்த 2, 5 என்ற இரண்டு வாய்ப்புகள் ஒன்றாகக் குறைந்து 2 உறுதியாகிறது. அதனால் 8ஆம் கட்டத்துக்கு 9 மட்டும் மிஞ்சுகிறது. அதனால் 7ஆம் கட்டத்துக்கு 7. கடைசியாக 3ஆம் கட்டத்துக்கு 6. ஒரு முழு வரிசை, 4 2 6 8 5 3 7 9 1, ஓர் ஊகம்கூட இல்லாமல் நிரம்பிவிட்டது.

நிரலில் இதற்கு `find_empty`ஐ மட்டும் மாற்றினால் போதும். முதல் காலிக் கட்டத்தைத் தருவதற்குப் பதிலாக, மிகக் குறைந்த வாய்ப்புகள் உள்ள கட்டத்தைத் தர வேண்டும். ஒரே வாய்ப்புள்ள கட்டம் கிடைத்தால் அங்கே தவறவே முடியாது. வாய்ப்பே இல்லாத கட்டம் கிடைத்தால் உடனே திரும்பிவிடலாம், கீழே இறங்கி உழைத்து அதைக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. அசைன்மென்ட்டில் இந்த ஒரு மாற்றத்தைச் செய்துவிட்டு, `solve` எத்தனை முறை அழைக்கப்பட்டது என்று முன்னும் பின்னும் எண்ணி எழுதச் சொல்வது மிக நல்ல கேள்வி. ஓடும் நேரத்தைவிட அந்த எண்ணிக்கை நம்பகமானது. கம்ப்யூட்டருக்குக் கம்ப்யூட்டர் மாறாது.

ஆனால் வாய்ப்புகளை ஒவ்வொரு முறையும் புதிதாக எண்ணுவது வேலை. அதனால் அடுத்து எல்லோரும் செய்வது, ஒவ்வொரு வரிசையிலும் நெடுவரிசையிலும் பெட்டியிலும் எந்தெந்த எண்கள் வந்துவிட்டன என்று தனித்தனியாகக் குறித்து வைப்பது. இதோடு எடுக்கும் வேலையும் வளர்கிறது. கட்டத்தை 0 ஆக்கினால் மட்டும் போதாது. மூன்று குறிப்புகளிலிருந்தும் அந்த எண்ணை நீக்க வேண்டும். ஒன்றில் விட்டுப்போனாலும் பழைய பிழையே புது வேடத்தில் வந்து, சரியான எண்ணை மறுக்கும். இதைக் கண்டுபிடிக்க எளிய சோதனை ஒன்று உண்டு. விடை இல்லாத ஒரு புதிரைக் கொடுங்கள். நிரல் தோல்வி சொல்லி முடித்த பிறகு, பலகையும் மூன்று குறிப்புகளும் தொடக்கத்தில் இருந்தபடியே இருக்கின்றனவா என்று ஒப்பிடுங்கள். ஓர் எண் மிஞ்சியிருந்தாலும் எங்கோ எடுக்காமல் விட்டிருக்கிறீர்கள்.

எடுப்பதையே ஒரு கலையாக்கியவர் டொனால்ட் நூத். 2000இல் அவர் எழுதிய ‘நடனமாடும் இணைப்புகள்’ கட்டுரையில், இன்னும் திறந்திருக்கும் வாய்ப்புகள் எல்லாம் இருபுறமும் கைகோத்து நிற்கும் பட்டியல்களாக இருக்கும். ஒவ்வோர் உறுப்புக்கும் தன் இடப்பக்கத்தவர் யார், வலப்பக்கத்தவர் யார் என்று தெரியும். x என்ற உறுப்பை நீக்க, அதன் இரண்டு பக்கத்தவர்களையும் ஒருவரோடு ஒருவர் கைகோக்க வைத்தால் போதும்:

```
L[R[x]] = L[x];  R[L[x]] = R[x];
```

x இப்போது பட்டியலில் இல்லை. ஆனால் தன் பக்கத்தவர்கள் யார் என்பது x இடமே இன்னும் இருக்கிறது. அதனால் திரும்பச் சேர்க்க, எதையும் தேடவோ நகலெடுத்து வைக்கவோ வேண்டாம்:

```
L[R[x]] = x;  R[L[x]] = x;
```

ஹிடோதுமாட்சு, நோஷிதா என்ற இரு ஜப்பானியர்கள் 1979இல் இந்த உத்தியை அறிமுகப்படுத்தியதாக நூத் அந்தக் கட்டுரையிலேயே சொல்கிறார். அவர்கள் அதைப் பயன்படுத்திக் காட்டியதும் ராணிகள் புதிரில்தான். சுடோகுவையும் இந்தப் பட்டியல்களாக மாற்றி எழுத முடியும். ஒரே நிபந்தனை, நீக்கிய வரிசைக்கு நேர் எதிர் வரிசையில் சேர்க்க வேண்டும். அருகருகே இருந்த a, b இரண்டையும் a முதலில், b அடுத்து என்று நீக்கினோம் என்று வைத்துக்கொள்வோம். திரும்பும்போது b முதலில் வர வேண்டும். a முதலில் வந்தால், அது இன்னும் வராத bயைத் தன் வலப்பக்கத்தவர் என்று நம்பிக் கைநீட்டும்.   அந்த நிலையில் பட்டியலை இடமிருந்து படித்தால் இன்னும் சேர்க்காத bயும் அதில் இருக்கும், வலமிருந்து படித்தால் aயே இருக்காது. ஃபங்ஷன் தன்னைத்தானே அழைத்துத் திரும்பும்போது கடைசியாகப் போனது முதலில் திரும்பும் என்பதால் பெரிய அளவில் இந்த வரிசை தானாகவே கிடைத்துவிடுகிறது. ஒரே அடிக்குள் பல உறுப்புகளை நீக்கும் லூப்பில்தான் அதை நாமே பின்னாலிருந்து எழுத வேண்டும்.